தண்ணீர் வராத நாட்களைத் தேதியோடு எழுதுங்கள்

சென்னையின் தென்பகுதியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் நாலு பேர் கொண்ட குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஒரு மாதமாக அடிக்கடி தண்ணீர் நின்றுபோகிறது. போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன அந்த வீட்டுப் பெண், ஒருநாள் இரவு உட்கார்ந்து ஹவுஸ் ஓனருக்குக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால், "ஒருதரம் படிச்சுப் பாருங்கக்கா, ரொம்பக் காரமா இருக்கா?" என்று என்னிடம் கொடுத்தார். கடிதம் இதுதான்:

"ஐயா, பல மாதங்களாக எங்களுக்குத் தண்ணீரே வருவதில்லை. எத்தனை தடவை போன் செய்தாலும் நீங்கள் கண்டுகொள்வதே இல்லை. ஒன்றாம் தேதி வாடகை கேட்க மட்டும் போன் வருகிறது. வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி எங்களைக் காலி செய்ய வைக்கப் பார்க்கிறீர்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும், முடிந்தால் கொஞ்சம் கவனிக்கவும். இரண்டு நாளில் சரி செய்யாவிட்டால் வாடகை தரமாட்டோம். அதன்பிறகு நடப்பவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல. என் மைத்துனர் ஹைகோர்ட்டில் வக்கீலாக இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

காரமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் உறுதியாக இல்லை. இதை வாங்கிப் படிக்கிற வீட்டுக்காரருக்கு, எதிர்முனையில் இருப்பவர் கோபமாக இருக்கிறார் என்பது மட்டும்தான் புரியும். என்ன பழுது, என்றைக்கு வந்தது, தான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை. பிறகு ஒருநாள் இந்த விவகாரம் ஓர் அதிகாரியின் மேஜைக்குப் போனால், அவருக்கும் இதிலிருந்து எதுவும் கிடைக்காது. போதாததற்கு, எழுதியவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டக்கூடிய வரி ஒன்றும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்படிப்பட்ட வரைவைத் திருத்தும்போது நான் முதலில் தொனியைத் தொடுவதில்லை. தண்ணீரைத்தான் பார்க்கிறேன். என்ன நடந்தது என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டால் தொனி பாதி தானாகவே சரியாகிவிடும். கையில் தகவல் இல்லாதபோதுதான் மனிதர்கள் குரலை உயர்த்துகிறார்கள்.

சென்னையில் பெரும்பாலான தனி வீடுகளிலும் சிறிய அடுக்ககங்களிலும் மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ முதலில் தரைக்கடியில் இருக்கும் சம்புக்கு வருகிறது. அங்கிருந்து மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து குழாய் வழியாக வீட்டுக்குள் இறங்குகிறது. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் சமையலறைக் குழாய் ஒரே மாதிரிதான் காய்ந்துபோகும். ஆனால் எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்து அது யாருடைய வேலை என்பது மாறிவிடுகிறது. தெருவில் சப்ளை இல்லாமல் சம்பு வறண்டிருந்தால் அதற்கு வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. மாற்று ஏற்பாடு செய்யும்படி கேட்கலாம். சம்பில் தண்ணீர் நிறைய இருந்தும் மாடியில் தொட்டி காலி என்றால் கோளாறு மோட்டாரிலோ அதன் குழாயிலோ மின்சாரத்திலோ இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாயில் வரவில்லை என்றால், இறங்கும் குழாயில் காற்று அடைத்திருக்கலாம் அல்லது யாராவது வால்வை மூடியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க பிளம்பர் தேவையில்லை. சம்பின் மூடியைத் திறந்து ஒரு பார்வை, மோட்டார் சுவிட்சைப் போட்டு ஒரு கேட்பு, மாடிக்கு ஏறித் தொட்டிக்குள் ஒரு பார்வை, அவ்வளவுதான் வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் தண்ணீர் நின்ற நாட்களைக் கேட்டேன். தேதி நினைவில்லை என்றார். ஆனால் போனில் எல்லாம் இருந்தது. வீட்டுக்காரருக்குச் செய்த அழைப்புகள், வீட்டு வாட்ஸ்அப்பில் "தண்ணி இல்ல, ஆபீஸ்ல குளிச்சுக்கோங்க" என்று கணவருக்குப் போட்ட செய்தி, லாரிக்காரருக்குப் பணம் அனுப்பிய பதிவு. அவற்றை வைத்து ஆறு நாட்களை எடுத்தோம். மே 4, மே 19, மே 23, மே 29, ஜூன் 1, ஜூன் 5. பிறகு ஒவ்வொரு நாளும் என்ன ஆயிற்று என்று நினைவுபடுத்தச் சொன்னேன். மே 23 அன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜூன் 1 அன்று தெருவுக்கே மெட்ரோ வாட்டர் வரவில்லை. அன்றுதான் கீழ்வீட்டோடு சேர்ந்து லாரி வாங்கினார்கள். மீதி நாலு நாளும் சம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. மோட்டார் ஓடியது. தண்ணீர் மட்டும் ஏறவில்லை.

கரண்ட் இல்லாத நாளையும் சப்ளை இல்லாத நாளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கு மனமே இல்லை. "ஆறுன்னு சொன்னாத்தானே அக்கா பலமா இருக்கும்?" என்றார். இல்லை. ஆறில் இரண்டு வீட்டுக்காரரின் பொறுப்பில் வராதவை என்றால், அவர் அந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவார். மீதி நாலு அப்படியே மறைந்துபோகும். மறுக்க முடியாத நாலு தேதிகள், சந்தேகத்துக்கு இடமுள்ள ஆறைவிடக் கனமானவை. மேலும் அந்த நாலு தேதிகளைத் தனியாக வரிசைப்படுத்தியபோது இதுவரை கண்ணில் படாத ஒன்று தெரிந்தது. முதல் பழுதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 15 நாள். அடுத்ததற்கு 10 நாள். அதற்கடுத்து 7 நாள். பழுது நெருங்கி நெருங்கி வருகிறது. "பல மாதங்களாகத் தண்ணீரே வருவதில்லை" என்ற வரியால் சொல்ல முடியாத செய்தி இது.

அந்த நாலு நாளும் ஒரே கதைதான். காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், ஆனால் சத்தம் வழக்கத்தைவிட லேசாக இருக்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்காது. மெக்கானிக் வந்து, மோட்டாருக்கு மேலே உள்ள மூடியைக் கழற்றிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, "ஏர் பிடிச்சிருந்தது, சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். சில நாள் ஓடும். மறுபடி நிற்கும்.

சம்புக்கு மேலே தரையில் வைக்கும் மோட்டாரில் இது பழகிய கோளாறு. சம்புக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் ஃபுட் வால்வ் என்று ஒன்று இருக்கும். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் உள்ள தண்ணீர் திரும்பச் சம்புக்குள் இறங்கிவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அதற்குள் மணலோ தூசியோ சிக்கினாலும், உள்ளே இருக்கும் தட்டு தேய்ந்தாலும் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து இறங்கிவிடும். இரவு முழுக்கக் கசிந்தால் காலையில் குழாய்க்குள் காற்றுதான் மிஞ்சும். காற்றை இழுத்துத் தண்ணீரை ஏற்ற அந்த மோட்டாரால் முடியாது. மேலே தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கு வேலை செய்யும்; கசிவு இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். இப்படித் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் அதன் சீல் சூடேறிக் கெட்டுவிடும். அப்புறம் செலவு வீட்டுக்காரருக்குத்தான் கூடும்.

இது தெரிந்ததும் கடிதத்தின் கோரிக்கையே மாறிவிட்டது. "தண்ணீர்ப் பிரச்சினையைச் சரி செய்யுங்கள்" என்று எழுதியிருந்தால் வீட்டுக்காரர் மறுபடி அதே மெக்கானிக்கை அனுப்பி, அதே தண்ணீரை ஊற்றச் சொல்லி, "சரி செய்தாயிற்று" என்றிருப்பார். அது பொய்யும் அல்ல. அடிக்கடி வரும் பழுதைப் பற்றிய கடிதத்தில் அன்றைய பழுதை நீக்கக் கேட்பது போதாது. ஏன் திரும்ப வருகிறது என்பதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதேசமயம் நாம் மெக்கானிக் இல்லை. "ஃபுட் வால்வ் கெட்டுவிட்டது" என்று நாமே தீர்ப்பு எழுதினால், அது தவறாகப் போகிற பட்சத்தில் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். அதனால் மே 29 அன்று வந்த பிளம்பர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதினோம்.

அடுத்து ஒப்பந்தம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னேன். வரைவில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பொது மோட்டார், சம்பு, மாடித் தொட்டி ஆகியவற்றின் பராமரிப்பு உரிமையாளரைச் சேர்ந்தது, அதற்காக வாடகைதாரர் மாதம் 600 ரூபாய் தனியாகச் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தை இவர்கள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவந்திருக்கிறார்கள். மைத்துனர் வக்கீல் என்று எழுதத் தோன்றியவருக்கு இதை எழுதத் தோன்றவில்லை. இந்த ஒரு வரி கடிதத்தில் இருந்தால் வேறு எந்தப் பலத்தையும் காட்ட வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் இப்படி எதுவும் இல்லாதவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று அதன் அட்டவணை ஒன்று பிரித்துச் சொல்கிறது. குழாய்களை மாற்றுவதும் பெரிய குழாய் வேலைகளும் உரிமையாளர் பக்கம். குழாயின் திருகு, வாஷர், வடிகால் அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடிதம் எழுதும் முன் இந்தக் கோட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. வாஷர் தேய்ந்ததற்கு உரிமையாளரிடம் உறுதியாகப் பேசினால், மோட்டாருக்குப் பேசும்போது நம் குரல் எடுபடாது.

இப்போது தொனிக்கு வருவோம். வரைவில் "வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி எங்களைக் காலி செய்ய வைக்கப் பார்க்கிறீர்கள்" என்ற வரியை முதலில் அடித்தேன். அது நாகரிகமில்லாத வரி என்பதால் அடிக்கவில்லை. அதே 2017 சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தடுத்து நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். நிஜமாகவே சுவிட்ச் அறையைப் பூட்டி, வால்வை மூடிக் குடித்தனக்காரரை விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பிரிவு அது. இங்கே நடந்தது பழுது. பழுதைத் தடுத்து நிறுத்தல் என்று எழுதினால், நாம் நிரூபிக்க முடியாத ஒரு நோக்கத்தை அவர்மேல் சுமத்துகிறோம். அவரும் மோட்டாரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுத் தன் மானத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். எல்லா வாடகைதாரரும் சந்தேகப்படுவதுண்டு. சந்தேகத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் கண்ணால் கண்டதை மட்டும் வைக்க வேண்டும்.

"கண்டுகொள்வதே இல்லை", "தண்ணீரே வருவதில்லை" என்ற இரண்டும் அடுத்துப் போயின. ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், இப்படிப்பட்ட வரிகள் விழுந்துவிடும். மே 4 அன்று சாயங்காலம் அவர் மெக்கானிக்கை அனுப்பினார் இல்லையா? அப்படியானால் கண்டுகொண்டார். அந்த இடத்தில் அவர் செய்ததையும் சேர்த்து எழுதினோம்: "ஒவ்வொரு முறையும் தாங்கள் மெக்கானிக்கை அனுப்பினீர்கள், தற்காலிகமாகச் சரியானது, மீண்டும் நின்றது." இது முகஸ்துதி இல்லை, நடந்தது. எதிராளி செய்ததையும் நேர்மையாகப் பதிவு செய்கிற கடிதத்தைப் பிற்பாடு படிக்கிற மூன்றாம் மனிதர், அதில் உள்ள மற்றதையும் நம்புவார்.

அடுத்த வரி அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியமாக இருந்தது. "சிரமத்துக்கு மன்னிக்கவும், முடிந்தால் கொஞ்சம் கவனிக்கவும்" என்பதை நான் அடித்தபோது, "அது மரியாதைதானே அக்கா?" என்று கேட்டார். மரியாதை "ஐயா"விலும் "தாங்கள்" என்பதிலும் இருக்கிறது. அவை அப்படியே இருக்கட்டும். மன்னிப்புக் கேட்க இவர் எந்தத் தவறும் செய்யவில்லை. "முடிந்தால்" என்று எழுதினால், முடியவில்லை என்று பதில் சொல்வதற்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். வரைவின் ஒரு வரி கெஞ்சுகிறது, அடுத்த வரி மிரட்டுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களின் கடிதங்களில் இந்த ஊசலாட்டத்தை நிறையப் பார்க்கிறேன். காரணமும் புரிகிறது. வீட்டை விட்டு எழுப்பிவிட்டால் பிள்ளைகளின் பள்ளி, அட்வான்ஸில் பெயிண்ட்டுக்கென்று பிடிப்பது, மறுபடி வீடு தேடும்போது கேட்கப்படும் கேள்விகள் என்று எத்தனையோ பயம். பயத்தில் மாதக்கணக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள், ஒருநாள் வெடிக்கிறார்கள். கேட்பதை நேராகக் கேட்டுவிட்டால் கெஞ்சவும் வேண்டாம், வெடிக்கவும் வேண்டாம்.

"வாடகை தரமாட்டோம்" என்பதுதான் நான் முதலில் சொன்ன ஆபத்தான வரி. வாடகை பாக்கி என்பது குடித்தனக்காரரை வெளியேற்ற உரிமையாளர் காட்டக்கூடிய காரணங்களில் ஒன்று. தண்ணீர் வராத கோபத்தில் அந்தக் காரணத்தை நாமே கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுக்கிறோம். வாடகை தன் வழியில் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் வாடகையைப் பற்றி ஏதாவது எழுதுவதென்றால், ஜூன் மாதம் வரை வாடகையும் பராமரிப்புத் தொகையும் செலுத்தியாயிற்று என்பதை எழுதலாம். அதே விஷயம், எதிர்ப்பக்கத்திலிருந்து. பழுதைத் தானே நீக்கிக்கொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உரிமையாளர் மறுத்துவிட்ட பிறகு பேச வேண்டிய பேச்சு அது. முதல் கடிதத்தில் அதைத் தொடாதீர்கள். செலவு ஏதாவது செய்திருந்தால் ரசீதை இணைத்துத் தொகையைக் கேளுங்கள்.

"நடப்பவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல", "வக்கீல் மைத்துனர்" இரண்டும் சுத்தமான மிரட்டல். என்ன நடக்கும் என்று சொல்லாமல் ஏதோ நடக்கும் என்று பயமுறுத்துவது முதலாவது. தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் பலத்தைக் காட்டுவது இரண்டாவது. அரசாங்க நோட்டீஸ்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, "தவறினால் தக்க நடவடிக்கை எடுக்க நேரிடும்" என்று முடித்தால்தான் கடிதம் கடிதமாகத் தோன்றுகிறது. அந்த வரியை நிறையப் பேர் யோசிக்காமலே போடுகிறார்கள். எந்த நடவடிக்கை என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

அப்படியானால் அடுத்து என்ன செய்வோம் என்று சொல்லவே கூடாதா? சொல்லலாம், அதற்குரிய நேரத்தில். நாம் செய்யப்போவது சட்டத்துக்கு உட்பட்டது, இந்தப் பழுதோடு தொடர்புடையது, அதை நிஜமாகவே செய்யத்தான் போகிறோம் என்றால் அதைச் சொல்வது தகவல் கொடுப்பதுதான். அது இரண்டாம் கடிதத்துக்கு உரியது என்பது என் கருத்து. முதல் கடிதத்துக்குப் பதில் வராமல் கெடுவும் கடந்துவிட்டால், "குறிப்பிட்ட தேதிக்குள் பழுது நீங்கவில்லை; எனவே ஜூன் 20 அன்று வாடகை அதிகாரியிடம் மனு அளிக்கிறேன்" என்று ஒரே வரி எழுதினால் போதும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படுபவர். ஆனால் அந்த வரியை எழுதும் முன், நம் வாடகை ஒப்பந்தம் அவரிடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் எழுத்துவடிவ ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது. பல வீடுகளில் 11 மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் கையெழுத்தோடு நின்றுபோகிறது. பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அதிகாரியின் பெயரைச் சொல்வது, வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டதும் சிக்கலாகிவிடும்.

கெடு வைப்பதில்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். இரண்டு நாள் என்று இவர் எழுதியிருந்தார். ஃபுட் வால்வை மாற்றுவது அரைநாள் வேலைதான். ஆனால் வீட்டுக்காரர் வேறு பகுதியில் இருக்கிறார், மகனைத்தான் அனுப்புவார், நல்ல பிளம்பர் நினைத்த நாளில் கிடைப்பதில்லை. நடக்கவே முடியாத கெடுவை வைத்தால் அது தவறும். தவறிய பிறகு நாமும் எதுவும் செய்யமாட்டோம். அதற்குப் பின் நம் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது. அதனால் கெடுவை இரண்டாகப் பிரித்தோம். பிளம்பர் வந்து முழுமையாகப் பார்ப்பதற்கு மூன்று நாள், நிரந்தரமாகச் சரிசெய்வதற்கு ஒரு வாரம். இடையில் மறுபடி நின்றால் அன்றைக்கே ஆள் வர ஒரு ஏற்பாடு. தண்ணீர் இல்லாமல் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறேனா என்று அவர் கேட்டார். இல்லை, அந்த மூன்றாவது ஏற்பாடு அதற்குத்தான்.

தொட்டியின் அளவையும் சேர்க்கச் சொன்னேன். "தொட்டியில் தண்ணீர் இருக்குமே, அரைநாள் தாங்காதா?" என்று போனில் ஒருமுறை வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்திருக்கும் அளவு. நாலு பேருக்கு 540 லிட்டர். இவர்கள் பகுதிக்கான தொட்டியோ 500 லிட்டர். இரவில் நிறைந்திருந்தால்கூட ஒருநாள் தேவைக்குக் காணாது; காலையில் ஏறாவிட்டால் பத்து மணிக்கே தட்டும். இந்தக் கணக்கை முழுதாகக் கடிதத்தில் போடவில்லை. தொட்டியின் கொள்ளளவும் குடும்பத்தின் தலைக்கணக்கும் போதும். படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

திருத்திய கடிதம் இப்படி வந்தது:

"ஜூன் 7

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் நாங்கள் நால்வர் குடியிருக்கிறோம். மே 4, மே 19, மே 29, ஜூன் 5 ஆகிய நாட்களில் சம்பில் தண்ணீர் இருந்தும் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றவில்லை. எங்கள் தொட்டி 500 லிட்டர் என்பதால் இந்த நாட்களில் காலையிலேயே வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் தங்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். தாங்கள் மெக்கானிக்குக்கு ஏற்பாடு செய்தீர்கள். மோட்டாரில் தண்ணீர் ஊற்றியதும் தற்காலிகமாகச் சரியானது. ஆனால் பழுது முன்பைவிடக் குறைந்த இடைவெளியில் திரும்ப வருகிறது. ஃபுட் வால்வில் கசிவு இருக்கலாம், பார்த்து மாற்ற வேண்டும் என்று மே 29 அன்று வந்த பிளம்பர் சொன்னார்.

நம் ஒப்பந்தத்தின்படி மோட்டார், சம்பு, தொட்டி ஆகியவற்றின் பராமரிப்பு தங்களைச் சேர்ந்தது. அதற்கான மாதம் 600 ரூபாயையும் வாடகையையும் ஜூன் மாதம் வரை செலுத்தியுள்ளோம்.

ஜூன் 10-க்குள் பிளம்பரை அனுப்பி மோட்டாரையும் உறிஞ்சுகுழாயையும் முழுமையாகப் பார்க்கச் செய்யுங்கள். ஜூன் 14-க்குள் பழுதை நிரந்தரமாக நீக்கித் தாருங்கள். அதுவரை மீண்டும் தண்ணீர் நின்றால் அன்றைக்கே வரக்கூடிய ஒருவரின் எண்ணைத் தெரிவியுங்கள். எந்த நாளும் காலை 8 மணிக்கு மேல் வீட்டில் ஆள் இருப்போம்.

மே 29 அன்று தங்கள் சம்மதத்துடன் பிளம்பருக்கு நாங்கள் கொடுத்த 400 ரூபாய்க்கான ரசீதை இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையைத் தந்துவிடுங்கள்.

பிளம்பர் வரும் நாளை இந்த எண்ணுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு"

கையெழுத்துப் போடும் முன் அவரையே ஒருதரம் உரக்கப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு, "இதை அவர் இல்லை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டுக்கொண்டோம். ஒரு வரியில் நின்றார். "தங்கள் சம்மதத்துடன்" என்று எழுதியிருக்கிறோமே, சம்மதம் போனில் வாய்வார்த்தையாகத்தானே கிடைத்தது? அன்றைய அழைப்புப் பதிவைத் தேடினோம். காலை 11 மணிக்கு அவரே கூப்பிட்டுப் பேசியது இருந்தது. "தாங்கள் காலை 11 மணிக்குத் தொலைபேசியில் சொன்னபடி" என்று மாற்றினோம். வரிக்கு வரி இப்படிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் ஆகிறது. இந்த அரைமணியை யாரும் செலவு செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அனுப்பும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அதிலிருந்து தேதிகளைப் பிறகு யாரும் தேடி எடுக்கமாட்டார்கள், கோபமும் குரலில் வந்துவிடும். கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, தாளை நேரில் கொடுக்கலாம். நேரில் கொடுப்பது சங்கடம் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் குழுவிலோ மற்ற குடித்தனக்காரர்கள் பார்க்கும் இடத்திலோ போடக் கூடாது. நாலு பேர் முன்னால் கேட்கப்பட்டவர், பழுதை ஒப்புக்கொள்வதற்கு முன் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பார்.

பதில் பெரும்பாலும் "சரிம்மா, பசங்கள அனுப்புறேன்" என்று ஒரு வரியாகத்தான் வரும். அதோடு விட்டுவிடாமல், "நன்றி ஐயா, ஜூன் 10-க்குள் வருவார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று அதே இடத்தில் பதில் போடச் சொன்னேன். வேலை முடிந்த அன்றும் ஒரு வரி: எந்தத் தேதியில், யார் வந்து, எதை மாற்றினார்கள். வால்வை மாற்றிய பிறகும் மோட்டார் காற்று இழுத்தால் கசிவு குழாயின் இணைப்புகளில் இருக்கலாம். அப்போது எழுத வேண்டிய கடிதம் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கும்.